ஆடித் தள்ளுபடி நோட்டீஸில் என்ன எழுதுவது? (மன்னார்குடி ஜவுளிக்கடை)

மன்னை ஜவுளி:
எல்லோருக்கும் வணக்கம். மன்னார்குடியில் அப்பா காலத்திலிருந்து நடத்தி வரும் ஜவுளிக்கடை எங்களுடையது. கீழே புடவை, மாடியில் ரெடிமேடும் வேட்டி சட்டையும். ஆடி பிறக்க இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. பேப்பருக்குள் வைக்கிற நோட்டீஸ், ஆட்டோவில் மைக், உள்ளூர் கேபிளில் ஓடுகிற வரி, மூன்றுக்கும் வாசகம் கொடுக்க வேண்டும். அச்சகத்தில் அடித்துக் காட்டியது இது:

"ஆடி அதிரடி! மாபெரும் தள்ளுபடித் திருவிழா! அனைத்து ரகங்களுக்கும் 10% முதல் 50% வரை! நிபந்தனைகளுக்கு உட்பட்டது."

கடைப் பெயரை மட்டும் மாற்றினால் எதிர்க்கடைக்கும் இதுவே போதும். தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் பெரிய கடைகள் இதையேதான் இன்னும் பெரிய எழுத்தில் போடுகின்றன. பஸ் ஏறினால் அங்கே போய்விடலாம். ஆடியில் இந்தப் பக்கம் கையில் இருக்கிற காசும் வயலுக்குப் போய்விடுகிறது. ஆடியில் எங்கள் கடைக்கு வருவதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும், அதை நாலு வரியில் எப்படிச் சொல்வது என்பதுதான் கேள்வி.

டிசைன் வெற்றி:
அண்ணே, நான் நோட்டீஸ், பிளக்ஸ் டிசைன் செய்கிறவன். வாசகத்தை யாரும் படிப்பதில்லை. எண்தான் கண்ணில் விழும். 50% என்பதை முக்கால் பக்கத்துக்குப் போடுங்கள், "வரை" என்பதைக் கீழே சின்னதாக வையுங்கள், பின்னணி சிவப்பும் மஞ்சளும். ஆடி என்றால் ஜனங்கள் எதிர்பார்ப்பது தள்ளுபடி. அதைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

திருச்சி கொள்முதல்:
தம்பி வெற்றி சொல்வதில் பாதி சரி. எண் இல்லாத ஆடி நோட்டீஸை யாரும் பையில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் "வரை" என்பதைச் சின்னதாகப் போட்டால் வாசலில் என்ன நடக்கும் என்று பார்த்திருக்கிறேன். திருச்சியில் ஒரு பெரிய கடையில் கொள்முதல் பார்த்தவன் நான். அந்த அம்மா உள்ளே வந்ததும் முதல் கேள்வி, "ஐம்பது சதவீதம் எங்கே?" பையன் கூட்டிக்கொண்டு போவது கடைசி மூலையில் இருக்கிற ஒரு ரேக். அங்கே போன தீபாவளியில் மிஞ்சிய பேன்சி புடவை, மடிப்பில் நிறம் மங்கியது. பிறகு நல்ல ரகத்துக்குப் பத்து சதவீதம் என்று சொல்லும்போது ஏற்கெனவே முகம் மாறியிருக்கும். கூட்டம் வந்த மாதிரி இருக்கும், கல்லாவில் பில் இருக்காது. உள்ளே வந்த தலைக்கும் போட்ட பில்லுக்கும் உள்ள இடைவெளி ஆடியில் பெரிதானால் துணியில் குறை தேட வேண்டாம், நோட்டீஸை எடுத்துப் படிக்க வேண்டும்.

மன்னை தம்பி, எழுதுவதற்கு முன்னால் ஒன்று சொல்லுங்கள். ஆடியில் உங்கள் கடைக்கு யார் வருகிறார்கள்? போன வருஷத்து பில் புத்தகத்தை எடுத்து, ஒரே பில்லில் அஞ்சு உருப்படிக்கு மேல் போனவற்றை மட்டும் பாருங்கள்.

கேள்விக்குறி:
ஆடியில் புதுத்துணி எடுக்கலாமா கூடாதா? எங்கள் வீட்டில் பாட்டி கூடாது என்கிறார். யாராவது பஞ்சாங்கம் பார்த்துச் சொல்லுங்கள்.

சேலத்து மருமகள்:
கேள்விக்குறி, இங்கே கேட்டது வேறு. இருந்தாலும் சொல்கிறேன். கல்யாணம், கிரகப்பிரவேசம் மாதிரி விசேஷங்களைத்தான் ஆடியில் வைப்பதில்லை. துணியே எடுக்கக் கூடாது என்றால் ஆடிச் சீர் எப்படிக் கொடுப்பது? எங்கள் சேலம் பக்கம் ஆடி ஒன்றாம் தேதி தேங்காய் சுடுகிற பண்டிகை. புது மாப்பிள்ளையையும் பெண்ணையும் அழைத்து விருந்து வைத்து, துணி எடுத்துக் கொடுத்துத்தான் அனுப்புவோம். பிறகு ஆடிப் பதினெட்டு. அன்றைக்கு ஆற்றங்கரைக்குப் பழம்புடவையில் யார் போவார்கள்? ஆடியில் வியாபாரம் இல்லை என்று கடைக்காரர்கள் சொல்வது கல்யாணப் பட்டு போகவில்லை என்பதற்காகத்தான் இருக்கும்.

மன்னை ஜவுளி:
நன்றி அக்கா. கொள்முதல் ஐயா, பில் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். பெரிய பில்கள் எல்லாம் ஆடிப் பதினெட்டுக்குப் பிறகுதான். பெரும்பாலும் 500 முதல் 700 ரூபாய்ப் புடவை, ஒரே பில்லில் எட்டு, பத்து, சிலதில் இருபதுக்கு மேல். கூடவே வேட்டி துண்டு செட். கல்லாவில் இருக்கிற அக்காவைக் கேட்டேன். "எல்லாம் ஆவணிக் கல்யாணக்காரர்கள் தம்பி, வைத்துக் கொடுக்க எடுத்தது" என்றார்.

திருச்சி கொள்முதல்:
அங்கேதான் உங்கள் விளம்பரம் இருக்கிறது.

ஆவணி முழுக்க முகூர்த்தம். அது போனால் புரட்டாசியில் கல்யாணம் இல்லை. ஆகவே ஆவணிக் கல்யாணக்காரர்கள் ஆடியில்தான் வேலையெல்லாம் முடித்தாக வேண்டும். முகூர்த்தப் பட்டு விஷயத்தில் மனத்தடை இருக்கிற குடும்பம் இருக்கும். ஆனால் அத்தைக்கு, சித்திக்கு, சம்பந்தி வீட்டுப் பெண்களுக்கு, தாம்பூலத்தில் வைத்துக் கொடுக்கிற புடவைக்கு யாரும் மாதம் பார்ப்பதில்லை. ஒரு குடும்பத்தில் அது பதினைந்திலிருந்து ஐம்பது புடவை வரை போகும். இந்தக் கூட்டத்துக்கு 50% தேவையில்லை. அவர்களுக்கு இருக்கிற கவலை மூன்று. பட்ஜெட்டுக்குள் ஒரே விலையில் வேண்டும், ஒருவருக்கு ஒசத்தி ஒருவருக்கு மட்டம் என்று பேச்சு வரக் கூடாது. எண்ணிக்கை கடைசி நேரத்தில் மாறும். அப்புறம் பிளவுஸ் தைக்க ஆள் கிடைக்க வேண்டும். ஆவணி பிறந்தால் தையற்காரர் தேதி கொடுக்க மாட்டார், ஆடியில் மிஷின் சும்மா இருக்கும்.

இந்த மூன்றுக்கும் பதில் சொல்கிற நோட்டீஸ் தஞ்சாவூர் கடையில் இருக்காது, ஏனென்றால் அவர்கள் எல்லோருக்குமாக எழுதுகிறார்கள்.

கணக்கும் பார்த்துவிடுங்கள். இளம்பிள்ளையிலிருந்து வருகிற ஒரு புடவை, வரி போக உங்களுக்கு 480 அடக்கம், 650க்கு விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். லாபம் 170. பத்து சதவீதம் குறைத்தால் 585, லாபம் 105. இருபது குறைத்தால் 520, லாபம் 40. அதாவது இருபது கொடுத்தால் பழைய ஒரு புடவை லாபத்தை எடுக்க நாலுக்கு மேல் விற்க வேண்டும். கடை முழுக்க இருபது என்று அறிவித்தால் எப்படியும் வந்திருக்கக் கூடியவர்களுக்கும் சேர்த்து விட்டுக் கொடுக்கிறோம். பத்துப் புடவை மொத்தமாக எடுக்கிறவருக்கு மட்டும் பத்து சதவீதம் என்றால் ஒரே பில்லில் 1,050 நிற்கிறது. கடை வாடகையும் ஆள் சம்பளமும் ஆடியிலும் அதேதான், அதை இந்த மாதிரி பில்தான் தாங்கும்.

காட்டன் அக்கா:
நான் வீட்டிலிருந்து வாட்ஸ்அப்பில் புடவை விற்கிறேன். எனக்கு ஆடிதான் நல்ல மாதம். ஆடி வெள்ளிக்கு மஞ்சளும் சிவப்பும் சின்னாளபட்டி சுங்குடியில் கேட்டுக் கேட்டு வாங்குகிறார்கள். நான் ஒரு ரூபாய் கூடக் குறைப்பதில்லை. வியாழக்கிழமை இரவு ஸ்டேட்டஸில் போட்டால் வெள்ளிக்கிழமைக்குக் கட்டிக்கொள்ள முடியாது என்பதால் திங்கள்கிழமையே போடுவேன். மன்னை தம்பி ஏன் தள்ளுபடி கொடுக்கிறார் என்பதே எனக்குப் புரியவில்லை.

மன்னை ஜவுளி:
அக்கா, உங்களுக்குக் கடை வாடகையும் போன தீபாவளிச் சரக்கும் இல்லை. எனக்கு ஆவணிக்குள் ரேக் காலியாக வேண்டும். சூரத்துக்கும் ஈரோட்டுக்கும் தீபாவளி ஆர்டர் போட வேண்டும், பழைய பாக்கியையும் கட்ட வேண்டும். 620 அடக்கமான பேன்சி புடவையை 450க்கு விற்றால் நஷ்டம்தான். ஆனால் அது இன்னொரு வருஷம் மடிந்து கிடந்தால் 450 கூட வராது.

ஆனால் திங்கள்கிழமை யோசனை அருமை. எங்கள் கேபிள் வரி வெள்ளிக்கிழமை காலையில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதை முதலில் மாற்றுகிறேன்.

திருச்சி கொள்முதல்:
பழைய சரக்கை அதன் பேரிலேயே விற்றுவிடுங்கள். "போன தீபாவளிச் சரக்கு, மாடிப்படிக்குப் பக்கத்தில் தனி மேஜை, எல்லாம் 450, மாற்றித் தர மாட்டோம்." இப்படி எழுதினால் அதைத் தேடி வருகிறவர் அதற்காகவே வருவார். மற்றவர்கள் ஏமாந்த முகத்தோடு திரும்ப மாட்டார்கள். இதைப் பத்து சதவீத ரகத்தோடு கலந்து "10 முதல் 50 வரை" என்று ஒரே வரியில் போடுவதுதான் கெடுக்கிறது.

டிசைன் வெற்றி:
சரி ஐயா, ஆனால் நிபந்தனைகளை எல்லாம் பெரிதாக எழுதினால் நோட்டீஸ் கணக்குப் பேரேடு மாதிரி ஆகிவிடுமே. அதற்குத்தானே நட்சத்திரக் குறி போட்டுக் கீழே ஒரு வரி வைக்கிறோம்.

கும்பகோணம் ஆடிட்டர்:
அந்த நட்சத்திரக் குறியில் கொஞ்சம் நிதானம் வேண்டும். தவறான விளம்பரங்களைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இருக்கின்றன. நிபந்தனை, விளம்பரம் எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில் இருக்க வேண்டும், அதே எழுத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். மேலே சொன்னதைக் கீழே நிபந்தனை மறுக்கவும் கூடாது. தமிழில் 50% போட்டுவிட்டு, அடியில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் நிபந்தனை போடுவது அதற்கு நேர் எதிரானது. இன்னொன்றும் உண்டு. ஒரு விலையைச் சொல்லி ஆளை வரவழைத்துவிட்டு, அந்த விலையில் விற்கப் போதுமான சரக்கு வைத்திருக்காவிட்டால் அதுவும் தவறு. 450 மேஜையில் எத்தனை புடவை இருக்கிறதோ, குறைவாக இருந்தால் "இருப்பு உள்ளவரை" என்று நோட்டீஸிலேயே சொல்லிவிடுங்கள்.

ரெடிமேடுக்கு ஒரு சின்ன விஷயம். 2025 செப்டம்பர் 22 முதல் தைத்த உடைக்கு ஒரு உருப்படி 2,500 ரூபாய் வரை 5% ஜிஎஸ்டி, அதற்கு மேல் 18%. தள்ளுபடி போக பில்லில் வருகிற விலைக்குத்தான் இந்தக் கணக்கு. 2,700 ரூபாய் ஷர்வானிக்குப் பத்து சதவீதம் குறைத்தால் 2,430, வரியும் இறங்கிவிடும். வாங்குகிறவருக்கு நீங்கள் விட்டுக் கொடுத்ததைவிட அதிகமாக மிச்சமாகும். புடவைக்கு இந்த வரம்பு இல்லை, அது 5% தான்.

மன்னை ஜவுளி:
ஆடிட்டர் சார், இது எனக்குப் புது விஷயம். மாடியில் அந்த விலையில் சரக்கு இருக்கிறது. நன்றி.

இதுவரை சொன்னதை வைத்து எழுதிப் பார்த்தேன்:

"ஆவணியில் கல்யாணமா? வைத்துக் கொடுக்கும் புடவைகளை ஆடியிலேயே எடுத்து வையுங்கள். பத்துப் புடவைக்கு மேல் எடுத்தால் 10% குறைவு. மிஞ்சிய புடவையை ஆவணி பத்தாம் தேதி வரை மாற்றிக்கொள்ளலாம். பிளவுஸ் தையலுக்கு இங்கேயே அளவு கொடுக்கலாம்."

திருச்சி கொள்முதல்:
நன்றாக வந்திருக்கிறது. மூன்று இடத்தில் கை வைக்கிறேன்.

முதலில், விலையைச் சொல்லுங்கள். "10% குறைவு" என்றால் எதில் பத்து என்று அந்த அம்மா வீட்டில் கணக்குப் போட முடியாது. "650 ரூபாய்ப் புடவை, பத்து எடுத்தால் 585" என்றால் நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டே இருபது பேருக்கு எவ்வளவு என்று பெருக்கிப் பார்ப்பார். கடைக்குள் வரும்போதே பட்ஜெட் முடிவாகியிருக்கும். உங்கள் பையன்களுக்கும் வேலை சுலபம்.

இரண்டாவது, மாற்றிக்கொள்ளும் தேதி. ஆவணி பத்து என்பது ரொம்ப முன்னால். கல்யாணம் ஆவணி கடைசியில் இருந்தால் அவருக்கு அந்த வாக்குறுதியால் பயன் இல்லை. "உங்கள் கல்யாணம் முடிந்து ஒரு வாரத்துக்குள், மடிப்புப் பிரிக்காமல், பில்லுடன்" என்று வையுங்கள். பத்திரிகை ஒன்றை பில்லோடு சேர்த்துக் கொடுக்கச் சொன்னால் உங்களுக்குத் தேதியும் தெரியும். திரும்பி வருகிறவர் பெரும்பாலும் பணம் கேட்க மாட்டார். ஆனால் "பணமாகத் தர இயலாது, வேறு துணி எடுத்துக்கொள்ளலாம்" என்று முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். இந்த ஒரு வரிக்காகவே இருபது எடுக்க நினைத்தவர் இருபத்தைந்து எடுப்பார்.

மூன்றாவது, தையல். கடையில் தையற்காரர் இருக்கிறாரா? இல்லாவிட்டால் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

மன்னை ஜவுளி:
பக்கத்து மாடியில் ஒரு அக்கா தைக்கிறார். கேட்டேன். ஆடி முழுக்க வேலை எடுத்துக்கொள்கிறேன், ஆவணி பிறந்து வந்தால் முடியாது என்கிறார். அதையே எழுதிவிடலாமா?

சேலத்து மருமகள்:
எழுதுங்கள் தம்பி, அதுதான் உண்மையான காரணம். என் நாத்தனார் கல்யாணத்தில் ஆவணியில் போய் பிளவுஸ் கொடுத்துவிட்டு, முதல் நாள் இரவு வரைக்கும் கொக்கி வைக்காமல் அலைந்தோம். "ஆடியில் கொடுத்தால் ஆவணிக்குத் தயார்" என்று ஒரு வரி பார்த்திருந்தால் அந்தக் கடைக்கே போயிருப்போம்.

காட்டன் அக்கா:
முகூர்த்தப் பட்டையும் சேர்த்துக்கொள்ளலாமே. ஆடியில் தேர்ந்தெடுத்து முன்பணம் கொடுத்தால் ஆவணி ஒன்றாம் தேதி பில் போட்டுத் தருகிறோம் என்று. எனக்குத் தெரிந்த கடையில் செய்கிறார்கள்.

திருச்சி கொள்முதல்:
எனக்கு அதில் சம்மதம் இல்லை. முகூர்த்தப் பட்டு எடுக்கக் குடும்பமே நல்ல நாள் பார்த்து வண்டி கட்டிக்கொண்டு போகும். அதை ஆடியில் கேட்டாலே பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். அதே நோட்டீஸில் அதைப் போட்டால் வைத்துக் கொடுக்கிற புடவைக்கு வருகிறவர்களையும் தயங்க வைக்கும்.

காட்டன் அக்கா:
டெல்டாவில் அப்படி இருக்கலாம். இங்கே திருப்பூர் பக்கம் பெண் பிள்ளைகள் போனில் படம் பார்த்து ஆனியிலேயே கலர் முடிவு செய்துவிடுகிறார்கள். பெரியவர்களுக்குப் பில் தேதி ஆவணியாக இருந்தால் போதும்.

கேள்விக்குறி:
எங்கள் பாட்டியைக் கேட்டேன். முன்பணம் கொடுத்தாலே எடுத்த மாதிரிதான் என்கிறார். மற்றவர்களுக்குக் கொடுக்கிற புடவை என்றால் ஆட்சேபம் இல்லையாம்.

மன்னை ஜவுளி:
அப்படியென்றால் பட்டை நோட்டீஸில் போடவில்லை. கடைக்குள் கேட்டால் பேசிக்கொள்ளலாம். ஆட்டோ மைக்குக்கு என்ன செய்வது? நோட்டீஸ் வாசகம் முழுவதையும் படிக்க முடியாதே.

டிசைன் வெற்றி:
இதில் எனக்கு அனுபவம் உண்டு அண்ணே. ஆட்டோ ஒரு வீட்டைக் கடக்கும்போது உள்ளே இருப்பவர் காதில் விழுவது இரண்டு வாக்கியம்தான். எந்த இரண்டு என்று நமக்குத் தெரியாது. அதனால் கடைப் பெயரைக் கடைசியில் ஒரே தடவை சொன்னால் பாதித் தெருவுக்கு எந்தக் கடை என்றே தெரியாமல் போய்விடும். ஒவ்வொரு வாக்கியமும் தனியாக நிற்க வேண்டும், ஒவ்வொன்றிலும் கடைப் பெயர் வர வேண்டும். பின்னணியில் பாட்டு வேண்டாம், எண் காதில் விழாது. அம்மன் கோயில் கூழ் ஊற்றுகிற தெருவில் அவர்கள் மைக்கோடு போட்டி போடாமல் அணைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

நோட்டீஸிலும் 585ஐப் பெரிதாகப் போடுகிறேன். எண் வேண்டும் என்று நான் சொன்னதும் நிற்கிறது, ஐயா சொன்னதும் நிற்கிறது.

திருச்சி கொள்முதல்:
நல்ல யோசனை தம்பி. ஆட்டோவை ஆடி முதல் வாரம் அனுப்ப வேண்டாம். முதல் வாரம் சீர் கொடுக்கிறவர்கள், அவர்களுக்குக் கேபிள் வரி போதும். ஆடிப் பெருக்கு ஆகஸ்ட் 2 அல்லது 3இல் வரும். அதற்கு முந்தைய வாரம் காட்டன் புடவையை வாசல் பொம்மைக்குக் கட்டிவிடுங்கள், விலைச் சீட்டு வெளியே தெரியட்டும். பெருக்கு முடிந்த மறுநாள் ஆட்டோவைக் கிராமத்துப் பக்கம் அனுப்புங்கள். உங்கள் பில் புத்தகமே அதைத்தான் சொல்கிறது.

மன்னை ஜவுளி:
கடைசியாக அச்சுக்குக் கொடுத்தது இது:

"ஆவணியில் கல்யாணமா? வைத்துக் கொடுக்கும் புடவையை ஆடியில் எடுங்கள்.
650 ரூபாய்ப் புடவை. பத்து எடுத்தால் ஒன்று 585.
எல்லோருக்கும் ஒரே விலை, ஆளுக்கொரு நிறம்.
மிஞ்சினால் கல்யாணம் முடிந்து ஒரு வாரத்துக்குள் பில்லுடன், மடிப்புப் பிரிக்காமல் கொண்டுவாருங்கள். வேறு துணி எடுத்துக்கொள்ளலாம், பணமாகத் தர இயலாது.
பிளவுஸ் அளவை ஆடியில் கொடுத்தால் ஆவணிக்குத் தயார்.
போன தீபாவளிப் புடவை தனி மேஜையில் 450 ரூபாய். இருப்பு உள்ளவரை. மாற்றித் தர இயலாது."

ஆட்டோவுக்கு இரண்டே வாக்கியம், இரண்டிலும் கடைப் பெயர். எல்லா எழுத்தும் ஒரே அளவு, 585 மட்டும் பெரிது.

கும்பகோணம் ஆடிட்டர்:
"ஆடி மாதம் மட்டும்" என்று 585க்குப் பக்கத்தில் ஒரு வார்த்தை சேருங்கள். ஆவணியில் நோட்டீஸோடு வந்து நின்றால் பேச்சு வளரும். அந்த 650 ஆனியிலும் நீங்கள் விற்ற விலையாகவே இருக்கட்டும். ஆடிக்காக ஏற்றிவிட்டுக் குறைத்தால் அதுவும் தவறான விளம்பரம்தான்.

மன்னை ஜவுளி:
ஆனி பில்லிலும் 650 தான் சார். "ஆடி மாதம் மட்டும்" சேர்த்துவிட்டேன். டவுனுக்கு ரோஸ் தாள், வடுவூர், கோட்டூர் பக்கம் போகிறதுக்கு மஞ்சள் தாள். நோட்டீஸைக் கல்லாவில் கொடுத்தால் அக்கா பில் நகலோடு சேர்த்துக் கம்பியில் குத்தி வைப்பார். ஆவணி பிறந்ததும் எந்தத் தாள் எவ்வளவு பில் ஆனது என்று எண்ணிப் பார்த்து இங்கே எழுதுகிறேன். பட்டுக்கு முன்பணம் கேட்டு யாராவது தானாக வந்தார்களா என்பதையும் குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.